ஒரு மண்டலத்துக்கு விட்ட தம்

கார்த்திகையில் சிகரெட் ஓடாது, டீ பிய்த்துக்கொண்டு போகும் என்று சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் டீ ஆற்றும் மாஸ்டர் ஒருவர் சொன்னார். “சாமிங்க மாலையப் போட்ட அன்னிக்கே தம்ம விட்டுருவாங்க. ஆனா கையும் வாயும் சும்மா இருக்குமா? நாலு டீ குடிக்கிறவரு எட்டு டீ குடிப்பாரு.” வியாபாரக் கணக்காகத்தான் சொன்னார். எனக்கு அது வேறு கணக்காகப் பட்டது. இரண்டு மணி நேரம் தம் இல்லாமல் ஒரு சினிமா பார்க்க முடியாத ஆள், கார்த்திகை ஒன்றாம் தேதி கழுத்தில் துளசிமாலை விழுந்ததும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஒரு இழுப்புகூட இழுப்பதில்லை. மருந்து கிடையாது, நிக்கோட்டின் சூயிங்கம் கிடையாது, ஆலோசகர் கிடையாது. தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனையோ ஆண்கள் ஒரே நேரத்தில் புகையை நிறுத்துகிறார்கள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அதே வாரத்தில் பெரும்பாலானோர் மறுபடி பற்றவைக்கிறார்கள்.

விட்டது பக்தியால் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதில் பொய் இல்லை. மறுபடி பிடித்தது எதனால் என்பதுதான் எனக்குப் புரிபடாமல் இருந்தது. “பழக்கம் விடாது சார்” என்பார்கள். உடம்புக் கணக்குப்படி பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. நிக்கோட்டினை நிறுத்தினால் வரும் எரிச்சல், பதற்றம், மனம் ஒரு வேலையில் நிலைக்காமை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெருமளவு தணிந்துவிடும். ஐயப்பசாமி மாலையைக் கழற்றும்போது ஏழாவது வாரத்தில் இருக்கிறார். அவர் உடம்பு அப்போது சிகரெட்டைக் கேட்பதில்லை. அப்படியென்றால் கேட்பது எது?

நண்பர் ஒருவரை வைத்து இதைப் பார்க்கிறேன். வயது நாற்பதுக்குள். வீடு ஸ்ரீரங்கத்தில். வேலை ஒரு சிறுகடன் நிறுவனத்தில். மகளிர் குழுக்களுக்குக் கொடுத்த கடனை வாரத் தவணையாக வசூலிப்பது. காலை ஏழு மணிக்கு மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கம் ஏதாவது ஒரு தெருவில் குழுக்கூட்டம். ஒன்பது பெண்கள் பாயில் உட்கார்ந்து பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். பத்தாவது பெண் வரமாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல், கணவனுக்கு வேலை இல்லை, இரண்டில் ஒன்று. ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பது குழுக்கடனின் விதி. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் அந்தப் பத்தாவது வீட்டு வாசலில் பைக்கைச் சாய்த்துவிட்டு நிற்க வேண்டும். உள்ளே ஆள் இருப்பது தெரியும், கதவு திறக்காது. சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். கிளை மேலாளர். “வாங்கிட்டியா? வாங்காம வராத.”

அப்படி ஒரு நாள் முடிந்து தில்லைநகர் அலுவலகத்தில் கணக்கை ஒப்படைக்க மாலை ஆறேகால் ஆகிவிடும். கணக்கு இடித்தால் ஏழு. படியிறங்கியதும் எதிர்க்கடையில் ஒரு டீ, ஒரு தம். சத்திரத்தில் பைக்கை நிறுத்தி இன்னொரு டீ, இன்னொரு தம். அங்கே பேச்சுத்துணைக்கு இரண்டு பேர் இருப்பார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலையில் மூன்றாவது. அது தனியாக. வீட்டுக்குப் போகும் முன் கடைசி. வீட்டில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக வாயில் இரண்டு பாக்கு. வீட்டுக்குள் நுழையும்போது எட்டேகால் ஆகியிருக்கும். சாப்பாடு. பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் அரைமனதாய் ஒரு பார்வை. பத்து மணிக்கு மேல் எல்லோரும் படுத்தபின் செல்போன். பன்னிரண்டு மணி வாக்கில் பசி. டப்பாவில் இருக்கும் மிக்சரோ முறுக்கோ, எதுவும் இல்லாவிட்டால் சீனி போட்டுப் பிசைந்த பால்சோறோ. ஒரு மணிக்குத் தூக்கம். ஐந்தரைக்கு அலாரம்.

தில்லைநகரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பைக்கில் அரைமணி நேரம் ஆகாது. அவர் அந்தத் தூரத்தை இரண்டு மணி நேரமாக நீட்டிக்கொள்கிறார். டீயும் சிகரெட்டும் அந்த நீட்டலுக்கான ரசீது. ரசீது இல்லாமல் ஒரு மனிதன் சும்மா நின்றால் நம் ஊர் விடாது. பாலத்துக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம் ஆற்றைப் பார்த்து நின்று பாருங்கள், “என்ன சார், வண்டி ரிப்பேரா?” என்று ஒருவராவது கேட்பார். அலுவலகத்திலும் இதேதான். மதியம் மூன்று மணிக்கு “கொஞ்சம் வெளியே நின்றுவிட்டு வருகிறேன்” என்று சொல்லும் ஊழியரை மேலாளர் ஒரு மாதிரி பார்ப்பார். “ஒரு தம் போட்டுட்டு வரேன்” என்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை. மேலாளரே கூட வருவார். புகை பிடிக்காத ஊழியருக்கு, அதிலும் பெண்களுக்கு, இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு என்று ஒதுங்க இருக்கும் ஒரே இடம் கழிவறை. அங்கே போய் நின்று செல்போனைப் பார்க்கிறார்கள்.

சிகரெட் இந்தப் பத்து நிமிஷத்துக்கு என்றே செய்யப்பட்ட பொருள் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. திருச்சிக்காரர்களுக்கு இது விளங்கும், ஏனென்றால் நாம் வேறொரு புகையை உலகத்துக்கு விற்ற ஊர். உறையூரில் சுருட்டிய சுருட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘டிரிச்சினாப்பள்ளி’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் புழங்கியது. 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய நாவலில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது டிரிச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அவர் கண்டுபிடிக்கிறார். ஒரு முழுச் சுருட்டு முடிய அரைமணிக்கு மேல் ஆகும். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதும் இல்லை, வாயில் வைத்து ஊதுவதுதான். அதற்குத் திண்ணை வேண்டும், சாய்வு நாற்காலி வேண்டும், அவசரமில்லாத மாலை வேண்டும். சிகரெட்டுக்கு எதுவும் வேண்டாம். 1880களில் அமெரிக்காவில் அதைச் சுருட்டும் இயந்திரம் வந்தது. ஆலைச்சங்கு ஊதும் இடைவேளைக்குள் முடிகிற அளவில் புகை கிடைத்தது. பீடியைப் போல நடுவில் அணைந்து தொலைக்காது. நெஞ்சுக்குள் இழுப்பதால் நிக்கோட்டின் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்ச் சேரும். இவ்வளவு வேகமாகக் கூலி கொடுக்கும் பொருள் வேறு எதுவும் பெட்டிக்கடையில் இல்லை.

அந்தக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதை நண்பரிடம் விளக்கப் போய், அவரே எனக்கு விளக்கினார். நான் சொன்னது இவ்வளவுதான்: இரத்தத்தில் ஏறிய நிக்கோட்டினில் பாதி சுமார் இரண்டு மணி நேரத்தில் கழிந்துவிடுகிறது. கழியக் கழிய எரிச்சல் ஏறுகிறது. அடுத்த சிகரெட் அந்த எரிச்சலை இறக்குகிறது. புகைக்காதவன் நாள் முழுக்க எந்த மட்டத்தில் இருக்கிறானோ, அந்த மட்டத்துக்குத்தான் ஒவ்வொரு சிகரெட்டும் புகைப்பவனைக் கொண்டுபோய் விடுகிறது. அதற்கு மேலே தூக்குவதில்லை. ஆண்டி பேரட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1999இல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். சிகரெட் மன அழுத்தத்தைத் தணிப்பதில்லை, உண்டாக்குகிறது என்பது அவர் வாதம். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் சோர்வும் அழுத்தமும் குறைந்திருந்தன. விடாதவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை.

நண்பர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இது தண்டல் கணக்கு அண்ணே. பத்தாயிரம்னு எழுதிக்கிட்டு எட்டாயிரத்து ஐந்நூறு கையில குடுப்பான். தினம் நூறு ரூபா, நூறு நாள். நம்ம பணத்தையே புடிச்சிட்டு நமக்கே உதவி பண்ணின மாதிரி நிப்பான். கடன் வாங்கினவன் அவனைக் கும்பிடுவான்.” கடன் கொடுக்கும் தொழிலில் இருப்பவர் சொன்னால் அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்துகொண்டதால் அவர் விடவில்லை. அன்றைக்கும் பேச்சு முடிந்து ஒன்று பற்றவைத்தார்.

அவர் விட்டது போன கார்த்திகையில். மாலை போட்டார். முதல் மூன்று நாள் எப்படிப் போனது என்று அவருக்கே நினைவில்லை. விரதத்தின் பரபரப்பில் ஓடிவிட்டது என்கிறார். நான்காம் ஐந்தாம் நாளிலிருந்து தொல்லை. பாயில் படுத்தால் தூக்கம் இல்லை. நெஞ்சு படபட என்று அடிக்கிறது. கை லேசாக நடுங்குகிறது. காலையில் எழுந்து அம்மா மண்டபத்தில் முங்கிக் குளித்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை. சாமி கோபப்படக் கூடாதே என்ற பயம் வேறு. “சிகரெட்ட விட்டதோட வேல இது” என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் நம்பினார்.

பாதிதான் உண்மை. மீதிப் பாதி டீ கிளாசில் இருந்தது. இது அதிகம் பேருக்குத் தெரியாத சங்கதி என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டீயில் இருக்கும் கஃபீனைக் கல்லீரல்தான் உடைத்துக் கழிக்கிறது. அந்த வேலைக்கென்று அங்கே ஒரு நொதி உண்டு. புகையிலை எரியும்போது வரும் கரிப்பிசுக்கில் உள்ள சில பொருட்கள் அந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. நிக்கோட்டினுக்கு இதில் பங்கு இல்லை. புகைதான் காரணம், ஆகவே பீடிக்கும் இதே விளைவுதான். முடுக்கிவிடப்பட்ட கல்லீரல் கஃபீனை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கழிக்கும். புகைக்காத ஒருவர் உடம்பில் பாதிக் கஃபீன் கழிய ஐந்தாறு மணி நேரம் ஆகிறதென்றால், புகைப்பவருக்கு மூன்று மணி நேரம் போதும். தம் அடிப்பவர்கள் ஏன் டீயாகக் குடித்துத் தள்ளுகிறார்கள் என்பதற்கு இது ஒரு காரணம். குடித்தது சீக்கிரம் இறங்கிவிடுகிறது. இன்னொரு டீ கேட்கிறது. டீ வந்தால் தம் கேட்கிறது.

இப்போது புகையை நிறுத்துங்கள். நான்கைந்து நாளில் அந்த நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். டீ இறங்கவில்லை. மாலை ஆறு மணி முதல் எட்டு மணிக்குள் மூன்று கிளாஸ். கிளாசுக்கு முப்பது முப்பத்தைந்து மில்லிகிராம் கஃபீன் என்று வைத்தால் சுமார் 100 மில்லிகிராம். கணக்கு எளிதாக இருக்க எல்லாமே ஏழு மணிக்கு உள்ளே போனதாகக் கொள்வோம். புகைத்த காலத்தில் இரவு பத்து மணிக்கு அதில் 50 மிச்சம், ஒரு மணிக்கு 25. மாலை போட்டபின், பாதி கழியவே ஆறு மணி நேரம் என்றால், ஒரு மணிக்கு 50 மிச்சம். அதே மூன்று கிளாஸ் டீ நள்ளிரவில் இரண்டு பங்காக நிற்கிறது. போதாக்குறைக்கு மாஸ்டர் சொன்னதுபோல் தம் போன இடத்தில் டீ ஏறியிருக்கும். மூன்று ஆறாகியிருந்தால் நள்ளிரவுக் கணக்கு நான்கு மடங்கு. பகலில் குடித்தவற்றின் மிச்சம் இதில் சேரவில்லை.

கஃபீன் மிகுந்தால் வரும் அறிகுறிகளும் நிக்கோட்டின் போனால் வரும் அறிகுறிகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும்: தூக்கமின்மை, எரிச்சல், நிலைகொள்ளாமை. பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நிக்கோட்டின் இல்லாதபோது இதயத்துடிப்பு சற்றுக் குறையும். கஃபீன் மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இரண்டும் கலந்து வருவதால் இது கறாரான சோதனை இல்லை என்றாலும், நண்பருக்கு நடுக்கமும் படபடப்பும் இருந்தன. நாட்களும் ஒத்துப்போயின. மருந்து எதுவும் இல்லை. டீயைப் பாதியாகக் குறைத்து, கடைசி டீயை மாலை நான்கு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளச் சொன்னேன். ஏன் நான்கு என்றால், 2013இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள்: படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் கொடுத்தாலும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நம் கடை டீயில் பத்துப் பன்னிரண்டு கிளாஸ் அளவு அது, ஒரே வாயில் யாரும் குடிப்பதில்லை. ஆனாலும் ஆறு மணி நேரம் கழிந்தும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது என்பது கவனிக்க வேண்டியது. நண்பர் மாலையில் டீக்குப் பதில் சுக்குக்காபிக்கு மாறினார். நம் ஊர்ச் சுக்குக்காபியில் பெரும்பாலும் காபி இல்லை என்பது ஒரு சௌகரியம். பத்தாம் நாள் வாக்கில் தூங்கினார்.

புகையை விட முயன்று ஒரு வாரத்தில் தோற்றவர்களில் எத்தனை பேரைத் தோற்கடித்தது டீ என்று நான் யோசிப்பதுண்டு. சிகரெட் அட்டையிலேயே 1800-11-2356 என்று இலவசத் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கிறார்கள். புகையிலையை விட உதவும் அரசு எண் அது. பெட்டிக்கடையில் ஒன்று ஒன்றாக வாங்குபவர் கைக்கு அந்த அட்டை வருவதே இல்லை என்பது வேறு விஷயம்.



நண்பருக்குத் தூக்கம் திரும்பியதும் இன்னொன்று தானாக நின்றது. நள்ளிரவு மிக்சர். இதில் அதிசயம் இல்லை. 2004இல் சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடியது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைந்தது, இனிப்பும் உப்பும் மாவுமாகக் கேட்டது வயிறு. பன்னிரண்டு பேர் என்பது சின்னக் கூட்டம்தான். நண்பர் வீட்டு மிக்சர் டப்பா பதின்மூன்றாவது சாட்சி.

செல்போன் மட்டும் லேசில் நிற்கவில்லை. டீக்கடைக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. அங்கே பேப்பர் படிப்பவனுக்கு முடிவு உண்டு. தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். நடுப்பக்கம் கையில் இருப்பவர் முடிக்காமல் நமக்கு விளையாட்டுச் செய்தி கிடைக்காது. நாம் முடித்ததும் அடுத்தவர் கை நீட்டுவார். பக்கம் முடிந்தால் எழுந்து போக வேண்டியதுதான். செல்போன் திரையில் அந்தப் பக்க முடிவை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் அந்த வடிவத்தை 2006இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர். செய்ததற்குப் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார். அடுத்தவர் கை நீட்டாத டீக்கடை அது. நண்பர் அதில் பார்ப்பது என்ன என்று கேட்டேன். சமையல் வீடியோ, பழைய நகைச்சுவைக் காட்சி, யாரோ வடநாட்டில் யானையைக் குளிப்பாட்டுவது. எதுவும் நினைவில் நிற்பதில்லை. “பகல் பூராவும் மேனேஜர் சொன்னத கேட்டேன். இந்த ரெண்டு மணி நேரம் எனக்குன்னு ஒண்ணு வேணாமா?” என்றார். அந்தக் கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. தூக்கத்திலிருந்து எடுத்தால்தான் தனக்கென்று நேரம் கிடைக்கும் என்ற நிலையில் ஒருவர் இருந்தால், அவர் தூக்கத்திலிருந்துதான் எடுப்பார்.

சபீன் சோனென்டாக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் வேலைக்குப்பின் ஓய்வைப் பற்றியே பல ஆண்டுகள் ஆய்ந்தவர். அவர் 2018இல் ஒரு முரணை எடுத்துக்காட்டினார். நாள் எவ்வளவு மோசமோ அவ்வளவு ஓய்வு தேவை. ஆனால் நாள் எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு மனிதனால் வேலையை மனசிலிருந்து இறக்கி வைக்கவோ, நடக்கவோ, நேரத்துக்குத் தூங்கவோ முடிவதில்லை. மோசமான நாளன்று கையில் மிஞ்சியிருக்கும் தெம்புக்குக் கட்டுப்படியாவது, எடுத்ததும் பலன் தருகிற பொருள்தான். டீ, தம், மிக்சர், திரை நான்கும் அந்த வகை. “ஆபீஸ் விட்டதும் உடற்பயிற்சி செய்யுங்கள்” என்று வாரப் பத்திரிகையில் வரும் யோசனை, பத்தாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தவனுக்கு எழுதியது இல்லை.

மாலை போட்ட ஒரு மண்டலத்தில் நண்பரின் நாள் எப்படி மாறியது என்பதை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார், பூஜைக்கு நேரமாகிறது என்று. யாரும் மறுப்பதில்லை. சத்திரத்தில் நிற்பது உண்டு, ஆனால் கூட நிற்பவர்கள் அவர் முன்னால் பற்றவைக்காமல் நாலு அடி தள்ளிப் போய்விடுவார்கள். மாஸ்டர் கேட்காமலே கிளாசைத் தனியாகக் கழுவித் தருவார். கார்த்திகை மார்கழியில் ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஊர் ஊராக வண்டி கட்டிவரும் கறுப்பு வேட்டிக் கூட்டம் நிரம்பியிருக்கும். பெருமாளைச் சேவித்துவிட்டு மலைக்குப் போகிறவர்கள். முன்பின் தெரியாதவர்கள் எதிர்ப்பட்டு “சாமி சரணம்” என்பார்கள். வீட்டுக்கு வந்து குளித்து, விளக்கேற்றி, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரணம் சொல்ல முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் செல்போன் அடுத்த அறையில் கிடக்கும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அவர் இரண்டு மணி நேரமும் மூன்று சிகரெட்டும் செலவழித்து வாங்கிக்கொண்டிருந்த இடைவெளி இப்போது ஊரே சேர்ந்து கொடுத்த ஒன்றாக இருந்தது. அவர் மனவலிமையால் அதைப் பெறவில்லை. கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிக் கொடுத்தார்கள்.

ஒதுங்கியவர்களில் கிளை மேலாளரும் ஒருவர். அதை நண்பர் பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். வழக்கமாக இரவு ஒன்பதரைக்கு மேல் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வரும்: இன்றைய வசூல் எவ்வளவு, விடுபட்டது யார், காரணம் என்ன, நாளைக்கு எத்தனை மணிக்குள் வாங்குவாய். குழுவில் எல்லோரும் பார்க்க ஒவ்வொருவராகப் பதில் போட வேண்டும். போடாதவர் பெயர் மறுபடி வரும். மாலை போட்ட நாளிலிருந்து மேலாளர் இவரை “சாமி” என்று கூப்பிட ஆரம்பித்தார். சாமியிடம் ஒருமையில் பேசக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இரவுச் செய்தியில் இவர் பெயரை விட்டுவிட்டு, “சாமி காலையில் சொல்லட்டும்” என்று எழுதினார். 48 நாளும் அப்படித்தான். வசூல் குறையவில்லை, வழக்கமாக வராதது மட்டும் வழக்கம்போல வரவில்லை.

சிறுகடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகளில், கடன் வாங்கியவரைக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் தொலைபேசியில் கூப்பிடுவது கடுமையான வசூல்முறை என்று வகைப்படுத்தி, அதைத் தடுத்திருக்கிறார்கள். நல்ல விதி. லால்குடியில் கதவைச் சாத்திக்கொண்ட அந்தப் பெண்ணுக்கு, காகிதத்திலாவது, ஆறு மணிக்கு மேல் நிம்மதி உண்டு. அவரிடம் வசூலிக்கப் போனவருக்கு அப்படி ஒரு மணி எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. பிரான்சில் 2017 முதல் வேலை நேரத்துக்குப்பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே அப்படிச் சட்டம் இல்லாததால் ஒரு மனிதர் அதற்குத் துளசிமாலை போட வேண்டியிருக்கிறது.

தை பிறக்கும் முன் நண்பர் மலைக்குப் போய்வந்தார். குருசாமி மாலையைக் கழற்றினார். மறுநாள் வேலைக்குப் போனார். மாலை சத்திரத்தில் நின்று டீ மட்டும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததாகவும், தம் ஞாபகமே வரவில்லை என்றும் சொன்னார். நான் நம்புகிறேன், உடம்பு கேட்கக் காரணம் இல்லை. சாப்பிட்டு எழுந்தபோது மணி ஒன்பது நாற்பது. குழுவில் செய்தி வந்தது. சாமி என்று இல்லை, பெயரைப் போட்டு, ஒருமையில்: “என்ன, மாலைய கழட்டிட்டல்ல? லால்குடி பாக்கி எங்க?”

பதில் போட்டுவிட்டு, பால் வாங்கிவருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாம்பழச்சாலை வரை பைக்கில் போனார்.